தேர்வறையில் காதுக்கு மட்டும் கிடைப்பவை

தேர்வறை என்றாலே அமைதிதான் நம் நினைவுக்கு வரும். ஆனால் தேர்வின் முதல் கால் மணி நேரமும் கடைசிப் பத்து நிமிடமும் குரலாலும் மணியோசையாலும் நடப்பவை. "ஹால் டிக்கெட்டை மேசைமேல் வையுங்கள்", "கேள்வித்தாளில் எல்லாப் பக்கமும் இருக்கிறதா, பாருங்கள்", "பதிவெண்ணை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வையுங்கள்", "இன்னும் பத்து நிமிடம்தான்" என்று அறைக் கண்காணிப்பாளர் சொல்லிக்கொண்டே இருப்பார். இவை எதுவும் வினாத்தாளில் அச்சாகியிருக்காது. காது கேட்பவர்கள் கவனிக்காமலேயே இவற்றை உள்வாங்கிக்கொள்கிறார்கள். காது கேளாத தேர்வருக்கு இவை அறவே போய்ச் சேர்வதில்லை.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இவர்களை இரண்டு வகையாகப் பார்க்கிறது. இரண்டு காதுகளிலும் பேச்சொலியைக் கேட்கும் திறன் 70 டெசிபல் அளவுக்குக் குறைந்தவர் காது கேளாதவர். 60 முதல் 70 டெசிபல் வரை குறைந்தவர் கேட்கும் திறன் குறைந்தவர். எதிரெதிரே உட்கார்ந்து இருவர் சாதாரணமாகப் பேசும் ஒலி ஏறக்குறைய 60 டெசிபல். இதை வைத்துப் பார்த்தால், அறையின் கோடியில் நின்று ஆசிரியர் சொல்வது இரண்டு வகையினருக்குமே எட்டாது என்பது விளங்கும்.

அதே சட்டத்தின் 17-வது பிரிவு, மாற்றுத்திறன் மாணவர்களுக்கு ஏற்றபடி தேர்வு முறையை மாற்றியமைக்கச் சொல்கிறது. கூடுதல் நேரம், சொல்வதை எழுதித் தருபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப்பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவற்றை அது எடுத்துக்காட்டாகக் குறிப்பிடுகிறது. 2018 ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்ட எழுத்துத் தேர்வு நெறிமுறைகள், 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர் எழுத்தர் இல்லாமல் எழுதினால் மூன்று மணி நேரத் தேர்வுக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் கூடுதலாகத் தரலாம் என்றன. தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பொதுத்தேர்வுகளிலும் காது கேளாத மாணவர்களுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரமும் ஒரு மொழிப்பாட விலக்கும் உண்டு.

இவை அரும்பாடுபட்டுப் பெற்ற உரிமைகள். ஆனாலும் இந்தச் சலுகைகளின் அமைப்பைப் பார்த்தால், பார்வை இல்லாதவரையும் கையால் எழுத முடியாதவரையும் மனத்தில் வைத்தே பெரும்பாலும் வகுக்கப்பட்டிருப்பது தெரியும். காது கேளாதவருக்குக் கண் தெரிகிறது, கை எழுதுகிறது. அவருக்கு இல்லாதது அறையில் பேசப்படும் செய்தி. கூடுதலாக ஒரு மணி நேரம் கொடுத்தாலும் அந்தச் செய்தி வந்து சேராது.

ஒரு திருத்தம் தவறிப்போகும் விதம்

பத்தாம் வகுப்புக் கணிதத் தேர்வை எடுத்துக்கொள்வோம். 10 மணிக்கு வினாத்தாள் தருவார்கள். படித்துப் பார்க்கப் பத்து நிமிடம், விவரங்களைச் சரிபார்க்க ஐந்து நிமிடம். 10.15-க்கு எழுதத் தொடங்கினால் 1.15-க்கு முடியும். காது கேளாத மாணவருக்கு 2.15 வரை நேரம்.

மணி 10.50. வினாத்தாளில் ஓர் அச்சுப்பிழை இருப்பதாக மையத்துக்குத் தகவல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அறைக் கண்காணிப்பாளர் எழுந்து, "வினா எண் 33-இல் உருளையின் உயரம் 12 செ.மீ. என்று இருப்பதை 21 செ.மீ. என்று திருத்திக்கொள்ளுங்கள்" என்று இரண்டு முறை உரக்கச் சொல்கிறார். எல்லோரும் குனிந்து திருத்துகிறார்கள். காது கேளாத மாணவரோ வேறொரு கணக்கில் மூழ்கியிருக்கிறார்.

அந்த உருளையின் ஆரம் 7 செ.மீ. என்று கொள்வோம். உயரம் 12 என்றால் கன அளவு 1848 கன செ.மீ. உயரம் 21 என்றால் 3234. இரண்டுமே பின்னம் இல்லாமல் முழு எண்ணாக வந்துவிடுகின்றன. விடையைப் பார்த்து, 'எங்கோ இடிக்கிறதே' என்று அவர் சந்தேகப்பட வழியே இல்லை. கணக்கை முழுசாகச் சரியாகப் போட்டுவிட்டு மதிப்பெண்ணை இழப்பார். விடைத்தாள் திருத்துபவருக்கும் அது கவனக்குறைவாகத்தான் தெரியும். காது கேளாமையால் நேர்ந்த இழப்பு என்று எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

1.15-க்கு மணி அடிக்கும்போது இன்னொரு சிக்கல். அறையில் உள்ள மற்றவர்கள் எழுந்து விடைத்தாளைக் கொடுக்கிறார்கள். அதைப் பார்த்துப் பதறி, தன் நேரமும் முடிந்ததென்று நினைத்து அவரும் கொடுத்துவிடலாம். அல்லது புதிதாகப் பணிக்கு வந்த கண்காணிப்பாளர் அவர் தாளையும் வாங்க வரலாம். "எனக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது" என்று வாயால் சொல்ல முடியாதவருக்கு, சட்டம் கொடுத்த நேரம் அந்த இடத்திலேயே கைநழுவிப் போகிறது.

உதட்டைப் பார்த்தால் போதாதா?

"நம் உதட்டசைவைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள்" என்பது பரவலான எண்ணம். அதற்குப் பேசுபவர் அருகில் இருக்க வேண்டும், முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும், நேராகத் திரும்பி நிற்க வேண்டும். அப்போதும் பாதிக்குமேல் ஊகம்தான். ப, ம இரண்டையும் சொல்லும்போது உதடுகள் ஒரே மாதிரி மூடித் திறக்கின்றன. படம், மடம் என்று கண்ணாடி முன் நின்று குரலில்லாமல் சொல்லிப் பாருங்கள், வேறுபாடு தெரியாது. க, ங போன்றவை தொண்டைக்கு அருகில் பிறப்பதால் வெளியே எதுவும் தெரிவதில்லை. வீட்டுப் பேச்சில் சூழலை வைத்து ஊகித்துவிடலாம். வினா எண்ணும் செ.மீ.யும் வரும் ஓர் அறிவிப்பை அப்படி ஊகிக்க இயலாது. அதிலும் கண்காணிப்பாளர் நடந்துகொண்டோ கரும்பலகையைப் பார்த்துக்கொண்டோ பேசுவார். உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தால் விடை எழுதுவது எப்போது?

மேசைமேல் ஓர் எழுத்துத்தாள்

செலவே இல்லாத முதல் ஏற்பாடு, சொல்லப்போகும் எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதிக் கையில் கொடுப்பது. அமெரிக்காவில் கல்லூரிச் சேர்க்கைக்கான சாட் தேர்வில், வாய்மொழி அறிவுறுத்தல்களின் அச்சுப் பிரதி என்பது விண்ணப்பித்துப் பெறக்கூடிய தனிச் சலுகை. சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றும் கேட்கலாம். ஒன்று கொடுத்தால் மற்றது தேவையில்லை என்று அங்கே கருதுவதில்லை.

அந்தத் தாளை எழுதுவதில்தான் கவனம் வேண்டும். அலுவலகத் தமிழில் எழுதினால் பயனில்லை. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 2020-இல் ஓ.எம்.ஆர். விடைத்தாளில் ஐந்தாவதாக 'இ' என்ற வட்டத்தைச் சேர்த்தது. விடை தெரியாதவர் அதைக் கறுப்பாக்க வேண்டும், எதையும் காலியாக விடக்கூடாது. இந்த விதியை நம் வழக்கமான நடையில் எழுதினால் இப்படி இருக்கும்: "விடை அறியப்படாத வினாக்களுக்கு 'இ' வட்டம் கருமையாக்கப்படாமல் விடப்பட்டிருப்பின் மதிப்பெண் குறைக்கப்படும்." ஒரே வாக்கியத்தில் இரண்டு எதிர்மறை, நான்கு செயப்பாட்டு வினை. யார் எதைச் செய்ய வேண்டும் என்பது எங்கேயும் இல்லை. இதையே இப்படி எழுதலாம்:

"விடை தெரியவில்லையா? 'இ' வட்டத்தைக் கறுப்பாக்குங்கள்.
எந்த வினாவையும் காலியாக விடாதீர்கள்.
காலியாக விட்டால் மதிப்பெண் குறையும்."

ஒரு வாக்கியத்தில் ஒரு செயல். நடக்கும் வரிசையிலேயே வாக்கியங்கள். பக்கத்தில் சரியாக நிரப்பிய வட்டத்தின் படமும் தவறாக நிரப்பிய வட்டத்தின் படமும். நேரங்களைக் கடிகார எண்ணில் எழுத வேண்டும். 'மணி அடித்ததும்' என்று எழுதினால் அவருக்கு என்ன பயன்? 'உங்கள் தேர்வு 2.15-க்கு முடியும். 1.15-க்கு மற்றவர்கள் போவார்கள். நீங்கள் உட்கார்ந்து எழுதுங்கள்' என்று ஒரு வரி இருந்தால், முன்பு சொன்ன பதற்றம் வராது. அறையில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஓடும் சுவர்க் கடிகாரமும் இருக்க வேண்டும்.

இடையில் வரும் திருத்தங்களுக்கு வெற்றுச் சீட்டுகளைத் தயாராக வைத்திருக்கலாம். அறிவிப்பு வந்ததும் கண்காணிப்பாளர் அதை முதலில் கரும்பலகையில் எழுதுவார். பிறகு சீட்டில் எழுதி, அந்தத் தேர்வரின் மேசை ஓரத்தை மெதுவாகத் தட்டி, அவர் நிமிர்ந்ததும் கொடுப்பார். பின்னாலிருந்து தோளைத் தொட்டால் எழுதிக்கொண்டிருப்பவர் திடுக்கிட்டுப் போவார். "புரிந்ததா?" என்று கேட்பதிலும் பொருளில்லை. கேட்காத கேள்விக்கும் புரியாத சொல்லுக்கும் தலையாட்டிவிடுவது இவர்கள் சிறுவயது முதல் பழகிய தற்காப்பு. எந்த வினாவில் எந்த எண்ணை மாற்றினார் என்று வினாத்தாளில் சுட்டிக் காட்டச் சொன்னால்தான் செய்தி போய்ச் சேர்ந்தது உறுதியாகும்.

எழுதிக் கொடுத்தாலும் ஏன் போதாது?

நல்ல எழுத்துத்தாள் பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடும். மீதி நிற்பதற்குக் காரணம் மொழி. காது கேளாத குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறப்பவர்கள். வீட்டில் பேசும் தமிழ் அவர்கள் காதில் விழுவதில்லை, வீட்டில் யாருக்கும் சைகை மொழியும் தெரியாது. மற்ற பிள்ளைகள் மூன்று வயதுக்குள் கேட்டே கற்றுவிடும் தமிழை இவர்கள் பள்ளிக்குப் போய், எழுத்து வழியே, அந்நிய மொழியைப் போல் கற்க வேண்டியிருக்கிறது.

பள்ளியிலும் நெடுங்காலம் கை கட்டப்பட்டே இருந்தது. 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, காது கேளாதோருக்குப் பேச்சுப் பயிற்சிதான் உகந்தது, சைகை வேண்டாம் என்று தீர்மானித்தது. அதன் நிழல் உலகெங்கும் விழுந்தது, நம் நாட்டுச் சிறப்புப் பள்ளிகளும் தப்பவில்லை. 2010-இல் கனடாவின் வான்கூவரில் கூடிய மாநாடு அந்தத் தீர்மானங்களை நிராகரித்தது. இடைப்பட்ட 130 ஆண்டுகளில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள், உச்சரிக்கப் பழகிய நேரத்தில் பாடம் கற்கும் வாய்ப்பை இழந்தார்கள்.

ஆகவே ஒரு பட்டதாரிக்கும்கூட இந்தியச் சைகை மொழிதான் சிந்தனைக்கு அருகிலிருக்கும் மொழியாக இருக்கலாம். அதன் இலக்கணமே வேறு. வேற்றுமை உருபுகள் தமிழில்போல் சொல்லோடு ஒட்டி வருவதில்லை. வினாச்சொல்லும் மறுப்பும் வாக்கியத்தின் இறுதியில் வருகின்றன. முகபாவமும் புருவ அசைவும்கூட இலக்கணத்தின் பகுதி. இப்படிச் சிந்திப்பவருக்கு 'ஐ', 'ஆல்', 'இல்லாத', 'அல்லாத' என்ற சிறு உறுப்புகளில்தான் தடுக்கும். பாடம் தெரிந்திருந்தும் அறிவுறுத்தல் புரியாமல் நிற்பது இதனால்தான்.

மொழிபெயர்ப்பாளர் எங்கே நிற்பார், எதைச் சொல்வார்?

இங்கேதான் சைகை மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுகிறார். கண்காணிப்பாளர் பேசுவதைச் சைகையில் தேர்வருக்கும், தேர்வரின் சைகையைப் பேச்சில் கண்காணிப்பாளருக்கும் கொண்டுசேர்ப்பது மட்டுமே அவர் வேலை. "வாஷ்ரூம் போகலாமா?", "கூடுதல் தாள் வேண்டும்", "இந்தப் பக்கத்தில் அச்சு மங்கலாக இருக்கிறது" ஆகியவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கண்காணிப்பாளர். மொழிபெயர்ப்பாளர் தாமாக ஒரு வார்த்தைகூடச் சேர்க்கக் கூடாது.

அவர் நிற்க வேண்டிய இடம் கண்காணிப்பாளரின் பக்கத்தில், கரும்பலகைக்கு அருகில். அப்போதுதான் தேர்வரின் கண் மூன்றையும் ஒரே பார்வையில் பிடிக்கும். அவருக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் வெளிச்சத்தில் முகமும் விரல்களும் கறுத்துத் தெரியும். கட்டம் போட்ட சட்டையோ பூப்போட்ட புடவையோ இல்லாமல், தோல் நிறத்திலிருந்து வேறுபட்ட ஒரே நிற உடை நல்லது. தேர்வருக்கு முன்வரிசையில் இடம் தர வேண்டும். மொழிபெயர்ப்பாளர் தேர்வரின் பக்கத்தில் உட்காரக் கூடாது. மற்றவர்களுக்குச் சந்தேகம் வராமல் இருப்பதற்கும், தேர்வரின் நேர்மைக்குப் பாதுகாப்பாகவும் அந்த இடைவெளி வேண்டும்.

வினாவையே சைகையில் சொல்லலாமா என்பது கடினமான கேள்வி. 'இணைகோடுகள் என்றால் என்ன?' என்ற வினாவைச் சைகையில் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இணைகோட்டைக் காட்ட இரண்டு விரல்களைச் சேராமல் நீட்டி ஓடவிட்டால் வினாவுக்குள்ளேயே விடை வந்துவிடுகிறது. முக்கோணத்துக்குச் சைகை செய்தால் விரல் மூன்று பக்கங்களையும் வரைந்துவிடும். பிரிட்டனின் தேர்வு வாரியங்கள் இதற்கு விதி வைத்திருக்கின்றன. அங்கே மொழிபெயர்ப்பாளர் வினாக்களைச் சைகையில் தரலாம், ஆனால் பாடம் சார்ந்த கலைச்சொற்களின் பொருளை வெளிப்படுத்தும் சைகையைப் பயன்படுத்தக் கூடாது. வாசிப்புத் திறனைச் சோதிக்கும் பகுதிகளுக்கு இந்த உதவியே கிடையாது. வினாவைச் சொல்லத் தயாராவதற்காகத் தேர்வுக்குச் சற்று முன்பு வினாத்தாளைப் பார்க்கவும் அவருக்கு அனுமதி உண்டு.

கலைச்சொல் வரும் இடத்தில் எழுத்தெழுத்தாக விரலில் காட்டுவது அங்கே வழக்கம். நம்மிடம் அதற்கு ஒரு தடை. இந்தியச் சைகை மொழியில் பெரும்பாலும் புழங்கும் இரு கை விரலெழுத்து ஆங்கில எழுத்துகளுக்கானது. தமிழ்வழியில் படித்தவருக்கு அது பயன்படாது. அதற்கு எளிய வழி, வினாத்தாளில் அச்சாகியிருக்கும் சொல்லையே விரலால் சுட்டிவிட்டு, வாக்கியத்தின் மற்றப் பகுதியை மட்டும் சைகையில் தருவது. கலைச்சொல் தெரிந்திருக்கிறதா என்பதே சோதனை. அதைத் தொடாமல், 'சரியானதா, தவறானதா, எத்தனை' என்று வினா எதைக் கேட்கிறது என்பதைத் தெளிவாக்கினால் போதும். இந்த அளவுக்கு எழுத்தில் விதி இல்லாத தேர்வுகளில், மொழிபெயர்ப்பாளர் அறிவுறுத்தலோடு நின்றுகொள்வதே எல்லோருக்கும் பாதுகாப்பு.

எங்கே பிசகுகிறது?

முதல் சிக்கல் ஆள் பற்றாக்குறை. 2015-இல் டெல்லியில் இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் தொடங்கப்பட்டது. மொழிபெயர்ப்பாளருக்கு இந்திய மறுவாழ்வுக் கழகம் அங்கீகரித்த இரண்டு ஆண்டுப் பட்டயப் படிப்பு இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேட்கும் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50 லட்சம். அந்த எண்ணிக்கைக்கு முன் தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளர்கள் மிக மிகக் குறைவு. அதனால் கடைசி நேரத்தில் சிறப்புப் பள்ளி ஆசிரியரையோ உறவினரையோ கூப்பிடுகிறார்கள். அந்த ஆசிரியர் அதே மாணவருக்குப் பாடம் எடுத்தவராக இருந்தால், எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் புகாருக்கு இடம் கொடுத்துவிடும்.

காது கேளாத தேர்வர்களை மாவட்டத்தில் பத்து மையங்களில் ஒவ்வொருவராகச் சிதறவிடாமல் ஒரே மையத்தில், ஒரே அறையில் அமர்த்தினால் ஒரு மொழிபெயர்ப்பாளர் போதும். கூடுதல் நேரம் உள்ளவர்கள் எல்லோரும் சேர்ந்திருப்பதால் 1.15 மணிக் குழப்பமும் வராது. பொது அறிவுறுத்தல்கள் மாநிலம் முழுவதும் ஒன்றேதான். அவற்றை ஒரு முறை சைகை மொழியில் பதிவுசெய்து, தேர்வு தொடங்கும் முன் அறையில் திரையிட்டுவிடலாம். திருத்தம், சந்தேகம் போன்ற எதிர்பாராதவற்றுக்கு மட்டும் நேரில் ஆள் வேண்டியிருக்கும்.

இரண்டாவது, ஊருக்கு ஊர் மாறும் சைகை. இந்தியச் சைகை மொழியின் இலக்கணம் நாடெங்கும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தாலும் சொற்கள் இடத்துக்கு இடம் வேறுபடும். வடநாட்டில் பயின்றவரின் சைகை இங்கே ஒரு பள்ளியில் வளர்ந்தவருக்குப் பிடிபடாமல் போகலாம். தேர்வுக்கு முன்பு ஒரு கால் மணி நேரம் இருவரும் பேசிப் பழகினால், கண்காணிப்பாளர் முன்னிலையிலேயே கூட, எந்தச் சைகை புரியவில்லை என்பது தெரிந்துவிடும்.

மூன்றாவது, வாசலில் நடக்கும் சோதனை. மின்னணுப் பொருள்களுக்குத் தடை உள்ள தேர்வுகளில் காதொலிக் கருவியும், உள்காதில் பொருத்திய காக்ளியர் கருவியின் வெளிப்பகுதியும் காவலர் கண்ணில் புளூடூத் கருவியாகத் தெரியும். "கழற்று" என்று சொன்னால், மிச்சமிருக்கும் கேட்கும் திறனும் வாசலிலேயே நின்றுவிடுகிறது. ஹால் டிக்கெட்டிலேயே கருவியைக் குறிப்பிட்டு அனுமதி அச்சிட்டிருந்தால் இந்த வாக்குவாதத்துக்கு இடமில்லை.

விண்ணப்பிக்கும்போதே தொடங்க வேண்டியது

தேர்வர்கள் தேர்வு நாளன்று வாசலில் எதையும் கேட்டுப் பெற முடியாது. விண்ணப்பத்தில் குறைபாட்டு வகையைச் சரியாகக் குறிப்பிட்டு, அப்போதே தேர்வு அமைப்புக்குத் தனியாகக் கடிதம் எழுத வேண்டும். எழுத்து வடிவ அறிவுறுத்தல், சைகை மொழிபெயர்ப்பாளர், கூடுதல் நேரம், முன்வரிசை இடம், கருவிக்கு அனுமதி என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்பது நல்லது. 'எல்லா உதவியும் வேண்டும்' என்று பொதுவாக எழுதினால் கூடுதல் நேரம் மட்டுமே கிடைக்கும். பதில் வந்தால் அதன் நகலையும், மருத்துவச் சான்று, தனி அடையாள அட்டை ஆகியவற்றையும் கையில் வைத்திருக்க வேண்டும். அவற்றோடு, "எனக்குக் காது கேட்காது. அறிவிப்புகளை எழுதிக் காட்டுங்கள். என் தேர்வு முடியும் நேரம் இது" என்று பெரிய எழுத்தில் ஓர் அட்டை இருந்தால், எந்தக் கண்காணிப்பாளருக்கும் முதல் நிமிடத்திலேயே விஷயம் விளங்கிவிடும்.

தேர்வு நடத்துபவர்கள் செய்ய வேண்டியது அதைவிட எளிது. சலுகை ஆணை இருந்தும் மையத்தில் உள்ளவருக்கு அது தெரியாததால் தேர்வர் பாதிக்கப்படுவது நம் நாட்டில் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. எழுதும் திறனில் குறைபாடுள்ள ஒரு நீட் தேர்வருக்குக் கூடுதல் நேரம் மறுக்கப்பட்ட வழக்கில், மையங்களில் பணியாற்றுவோருக்கு முறையான பயிற்சி வேண்டும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. முதன்மைக் கண்காணிப்பாளர்களுக்கு அனுப்பும் கையேட்டில் கூடுதல் நேரத்துக்கு ஒரு பத்தி ஏற்கெனவே இருக்கிறது. அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரிகள் சேர்த்தால் போதும். காது கேளாத தேர்வர் உள்ள அறையில் வாயால் சொல்லும் எதையும் கரும்பலகையில் எழுதிய பின்னரே சொல்ல வேண்டும். அவர் கேட்டிருந்தால் தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளர் அந்த அறையில் இருக்க வேண்டும்.